தட்டைக் கூரையில் தேங்கும் மழைநீர்: பீம் தாங்குமா என்று மழைக்கு முன்பே கணக்கிடுவது எப்படி?

கொடுங்கையூரில் அட்டைப்பெட்டி செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது அதன் கூரை நடுவில் அரைச் சாண் அளவுக்குத் தொய்ந்து நின்றது. விழவில்லை. ஆனால் தண்ணீரை வடித்த பிறகும் இரண்டு பீம்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் அலைந்து, பணத்தை இழந்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அம்மையாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். மணலி, மாதவரம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று எங்கு பார்த்தாலும் இப்போது என்னுடையதைப் போன்ற கூரைகள் எழும்புகின்றன. புதிதாகப் போடுபவர்களும் ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் அடுத்த ஐப்பசிக்கு முன்பு இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

1. உங்கள் கூரை இந்த வகையா என்று பாருங்கள்

இரும்பு ஐ பீம்களை இரண்டு சுவர்களுக்கு நடுவே வைத்து, மேலே பாக்ஸ் பைப் ஓட்டி, சிமெண்ட் போர்டோ டெக் ஷீட்டோ பதித்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்த தட்டைக் கூரை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். எடை குறைவு, வேலை வேகம் என்பதற்காகத்தான் இதைப் போடுகிறோம். எடை குறைவாக இருப்பதால் மெல்லிய பீம் போதும் என்று முடிவெடுக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வீடுகளில் அறைக்கு அறை போடும் கான்கிரீட் தளத்தில் தண்ணீர் தேங்கினால் ஓதம் வரும், ஒழுகும். ஆனால் அந்தத் தளம் விறைப்பானது. தேங்கிய நீரின் எடைக்கு அது குறிப்பிடும்படியாக வளையாது. நன்றாகச் சரிந்த தகரக் கூரையில் தண்ணீர் நிற்கவே நிற்காது. நீளமான மெல்லிய பீமும் மட்டமான கூரையும் சேரும் இடம்தான் ஆபத்து.

அந்த ஆபத்து இப்படி வருகிறது. பீம் தன் எடையிலேயே சற்றுத் தொய்கிறது. அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிற்கிறது. நீரின் எடையால் பள்ளம் ஆழமாகிறது. ஆழமான பள்ளம் மேலும் நீரைப் பிடிக்கிறது. விறைப்பான பீமில் இந்தச் சுற்று ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போய் நின்றுவிடும். விறைப்பு போதாத பீமில் நிற்காது. மழை பெய்துகொண்டிருக்கும் வரை இறங்கிக்கொண்டே போகும்.

2. மூன்று அளவுகளை எடுங்கள்

முதலாவது, பீமின் நீளம்: சுவரிலிருந்து சுவர் வரை. இரண்டாவது, ஒரு பீமுக்கும் அடுத்த பீமுக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவது, பீம் எந்த அளவு என்பது. பீமின் உயரத்தையும் மேற்பட்டையின் அகலத்தையும் டேப் வைத்து அளந்தால் ஐ.எஸ். 808 பட்டியலில் அது எந்தப் பீம் என்று தெரிந்துவிடும். அதே பட்டியலில் Ixx என்ற தலைப்பின் கீழ் செ.மீ⁴ அளவில் ஓர் எண் இருக்கும். வளைவை எதிர்க்கும் திறனை வடிவத்திலிருந்து காட்டும் எண் அது. ஐ.எஸ்.எம்.பி. 150 பீமுக்கு 726. ஐ.எஸ்.எம்.பி. 200 பீமுக்கு 2235.

என் கூரை 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். அகலவாட்டில் ஏழு ஐ.எஸ்.எம்.பி. 150 பீம்கள், 1.5 மீட்டர் இடைவெளியில்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சந்தையில் எடை குறைந்த பீம்களும் 150 என்ற பெயரிலேயே விற்கின்றன. ஐ.எஸ்.எம்.பி. 150 மீட்டருக்கு 15 கிலோ இருக்க வேண்டும். எட்டேகால் மீட்டர் பீம் ஒன்று ஏறத்தாழ 124 கிலோ. எடைமேடைச் சீட்டை வாங்கி, பீம்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பழைய கூரை என்றால் துருவையும் சுரண்டிப் பாருங்கள். கடற்காற்றில் பட்டையின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே இந்தப் பீமின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

3. தேக்க எண்ணைக் கணக்கிடுங்கள்

பொறியாளர் அம்மையார் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எனக்கு எழுதிக் கொடுத்த கணக்கு இது. நீளமும் இடைவெளியும் மீட்டரில், Ixx செ.மீ⁴ அளவில். இரு முனையும் சுவரில் சாதாரணமாக உட்கார்ந்த இரும்பு பீமுக்கு மட்டுமே பொருந்தும்.

```
தேக்க எண் = இடைவெளி × நீளம்⁴ ÷ (20 × Ixx)
```

என் கூரைக்கு: 8 × 8 × 8 × 8 = 4096. அதை 1.5 ஆல் பெருக்கினால் 6144. கீழே 20 × 726 = 14,520. வகுத்தால் 0.42.

இந்த எண்ணின் பொருள் எளிது. பள்ளத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிறைந்தால் பீம் இன்னும் 0.42 சென்டிமீட்டர் இறங்கும். என் பீம்கள் கூரையின் சொந்த எடையில், அதாவது சதுர மீட்டருக்கு 50 கிலோவில், 27 மி.மீ. தொய்ந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளம் நிறைந்தால் 11 மி.மீ. கூடும். அந்த 11 நிறைந்தால் 5 கூடும். பிறகு 2, பிறகு 1. கடைசியில் 47 மி.மீ. அளவில் நிற்கும். தேக்க எண் 1 ஆக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 27, 27, 27 என்று கூடிக்கொண்டே இருக்கும். அதற்கு முடிவு கிடையாது.

இந்தக் கணக்கில் மழையின் அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேக்க எண் 1-ஐத் தாண்டினால் சாதாரண மழையே போதும். பீமின் இரும்பு எவ்வளவு வலுவானது என்பதும் இதில் வரவில்லை. உயர்தர இரும்பு வாங்கினால் சரியாகிவிடும் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அது தவறு. எல்லா இரும்பும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் வளைந்து கொடுக்கும். விறைப்பைத் தருவது பீமின் வடிவமும் நீளமும்தான். அதிலும் நீளம் நான்கு முறை பெருக்கப்படுகிறது என்பதால் அதுதான் எல்லாவற்றையும் ஆள்கிறது.

எவ்வளவு இருக்கலாம்? 0.25-க்குள் வையுங்கள். அமெரிக்க எஃகுக் கட்டுமான விதிமுறையில் நீண்ட காலம் இருந்த எளிய சோதனையும் இதே எல்லையைத்தான் வைத்திருந்தது. உங்கள் பீம்கள் சுவரில் உட்காராமல் வேறொரு முதன்மை பீமில் உட்கார்ந்திருந்தால், அந்த முதன்மை பீமுக்கும் இதே எண்ணைத் தனியாகக் கண்டுபிடித்து இரண்டையும் கூட்டுங்கள். கூட்டியது 0.25-க்குள் இருக்க வேண்டும். புதிதாகப் போடுபவர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டால் தேவையான பீம் கிடைத்துவிடும்:

```
தேவையான Ixx = இடைவெளி × நீளம்⁴ ÷ 5
```

எனக்கு 1229 வருகிறது. நான் போட்டிருந்ததோ 726.

4. "75 கிலோ தாங்கும்" என்ற பேச்சை அப்படியே ஏற்காதீர்கள்

என் பேப்ரிகேட்டர் கணக்கில் பொய் சொல்லவில்லை. ஆட்கள் ஏறிப் புழங்காத தட்டைக் கூரைக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி கேட்பது சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன், அதாவது 75 கிலோ சுமை. அந்தச் சுமைக்கு என் பீமின் வலு போதும். ஆனால் 75 கிலோ என்பது 75 மி.மீ. தண்ணீர், அவ்வளவுதான். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால்தான் வானிலைத் துறை அதை அதி கனமழை என்கிறது. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் 75 மி.மீ. நிற்க அவ்வளவு மழைகூட வேண்டாம். தண்ணீர் தேங்க வாய்ப்புள்ள கூரைக்கு அந்த நீரின் சுமையைத் தனியாகக் கணக்கிட்டு, இரண்டில் எது கடுமையோ அதற்கு வடிவமைக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

மழை விட்ட மறுநாள் கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் படிந்திருந்த கறைக்கோட்டை அளந்தேன். 75 மி.மீ. ஓர் அரச இலைக் கற்றையும் ஒரு பாலிதீன் உறையும் வடிகுழாயின் வாயில் சப்பென்று ஒட்டிக் கிடந்தன. சுவரோரத்தில் 75 மி.மீ. என்றால் நடுவில் அந்த 75-உடன் தொய்வும் சேரும். கணக்குப் போட்டால் தொய்வு ஏறத்தாழ 119 மி.மீ. வருகிறது. அதாவது நடுவில் 19 செ.மீ. தண்ணீர். 75 மி.மீ. சமமாக நின்றால் என் கூரையில் சுமார் 7 டன். தொய்வுக்குள் ஒளிந்திருந்தது கிட்டத்தட்ட இன்னொரு 7 டன்.

அந்தப் பீமை வளைக்கும் விசை காகிதக் கணக்குப்படி 15 கிலோநியூட்டன் மீட்டர். இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை 24. உண்மையில் வந்ததோ 26. இரண்டு பீம்கள் ஏன் திரும்பவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேக்க எண் 1-ஐத் தொடாமலேயே இந்த நிலை. எல்லையைத் தாண்டி வளையத் தொடங்கிய இரும்பு இன்னும் எளிதாக இறங்கும் என்பதால், மழை இன்னும் ஒரு மணி நேரம் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

5. போட்டுவிட்ட கூரையை மணல் மூட்டையால் சோதியுங்கள்

பீமின் அளவு தெரியவில்லை, துரு எவ்வளவு தின்றது என்று தெரியவில்லை என்றால் இந்தச் சோதனை போதும். வெயில் நாளில், கூரை காய்ந்திருக்கும்போது, பொறியாளரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பீம்கள் ஏற்கெனவே வளைந்து நிற்கும் கூரையில் இதைச் செய்யக் கூடாது.

பீமின் அடிப்பக்கத்தில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலுக்கும் பீமுக்கும் உள்ள இடைவெளியை எஃகு அளவுகோலால் அளந்து, சுவரிலேயே பென்சிலால் எழுதுங்கள். பிறகு மேலே நடுப்பகுதியில் 50 கிலோ மணல் மூட்டை மூன்றை வைத்து மறுபடி அளங்கள்.

```
தேக்க எண் = இடைவெளி × நீளம் × கூடிய தொய்வு ÷ (2 × வைத்த எடை)
```

தொய்வு மில்லிமீட்டரில், எடை ஒரு பீமின் மேல் வைத்தது மட்டும், கிலோவில். எனக்கு 150 கிலோவில் 11 மி.மீ. கூடியது. 1.5 × 8 × 11 = 132. அதை 300 ஆல் வகுத்தால் 0.44. பட்டியல் கணக்கோடு ஒத்துப்போனது.

ஒரே ஒரு பீமின் மேல் மட்டும் மூட்டை வைத்தால் மேலே உள்ள போர்டும் பைப்பும் பக்கத்துப் பீம்களுக்குச் சுமையைக் கொஞ்சம் கடத்திவிடும். தொய்வு குறைவாகத் தெரியும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். அடுத்தடுத்த மூன்று பீம்களின் நடுவிலும் தலா மூன்று மூட்டை வைத்து, நடுப் பீமை மட்டும் அளப்பதுதான் சரி.

6. பள்ளத்தைக் கலவை போட்டு நிரப்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் கொத்தனார் ஒருவரை அழைத்து, நடுவில் தண்ணீர் நிற்கும் இடத்தை மேடாக்கி வாட்டம் கொடுக்கச் சொன்னேன். காலையில் தொடங்கினார். மட்டக்கோல் வைத்துப் பார்ப்பார், இன்னும் பள்ளம் தெரியும். "அண்ணா, இன்னும் நான்கு பாண்டு போட்டால் மட்டம் வந்துவிடும்" என்பார். மாலைக்குள் அறுபது பாண்டு கலவை ஏறிவிட்டது. மட்டம் வரவில்லை. கீழே நூலைப் பார்த்தால் 30 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தது.

அவர் மேல் குறையில்லை. சிமெண்ட் கலவை தண்ணீரைப் போல 2.1 மடங்கு எடை. என் கூரையின் தேக்க எண் தண்ணீருக்கு 0.42 என்றால், கலவைக்கு 0.88-க்கு மேல். ஒரு சென்டிமீட்டர் நிரப்பினால் ஒன்பது மில்லிமீட்டர் பின்வாங்குகிற பள்ளத்தை எத்தனை பாண்டு நிரப்பும்? தண்ணீராவது வடிந்துவிடும், கலவை அங்கேயே நிரந்தரச் சுமையாகத் தங்கிவிடும். கீழே முட்டுக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் உடைத்து இறக்க எனக்கு 14,000 ரூபாய் ஆனது.

7. தண்ணீர் வெளியேறும் வழியைச் சரிபாருங்கள்

வடிகுழாயைச் சுவரோரத்தில்தான் எல்லோரும் வைக்கிறோம். பீம் தொய்யாத இடம் அதுதான். ஆகவே நடுப்பள்ளத்தைவிட வடிகுழாயின் வாய் உயரத்தில் இருக்கும். வாட்டம் கொடுத்திருக்கிறேன் என்பவர்களும் இதைக் கணக்கிட வேண்டும். 8 மீட்டர் பீமுக்கு நூற்றுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்திருந்தால், நடுத்தொய்வு 25 மி.மீ. ஆனதுமே தாழ்ந்த முனையின் அருகில் அந்த வாட்டம் மறைந்துவிடும். அதற்கு மேல் தொய்ந்தால் அங்கே கூரை சுவரை நோக்கி ஏறத் தொடங்கும். என் கூரையின் சொந்தத் தொய்வே 27 மி.மீ. என்பதை மறக்காதீர்கள்.

வடிகுழாய் அடைத்தாலும் தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் இருக்க, கைப்பிடிச் சுவரில் வழிந்தோடும் துளைகள் விடுங்கள். கூரை மட்டத்திலிருந்து 40 மி.மீ. உயரத்தில் துளையின் அடி இருக்கட்டும். 30 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்று நான் நான்கு துளைகள் விட்டேன். கொத்தனார் கூலியும் பூச்சும் சேர்த்து 4,500 ரூபாய். இந்த வேலையை மட்டும் இந்த வாரமே செய்யலாம். ஆனால் இது தொய்வைக் குறைக்காது, சுவரோர நீர்மட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும்.

8. விறைப்பைக் கூட்டுங்கள்

புதிதாகப் போடுபவர்களுக்கு விடை எளிது. என் கூரைக்கு ஐ.எஸ்.எம்.பி. 200 போட்டிருந்தால் தேக்க எண் 0.14. ஏழு பீம்களுக்கும் சேர்த்துக் கூடுதல் இரும்பு சுமார் 580 கிலோ. எனக்குச் சொல்லப்பட்ட விலை, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்துக் கிலோ 100 ரூபாய். 58,000 ரூபாயை மிச்சம் பிடித்ததாக நினைத்துத்தான் நான் 150 போட்டேன்.

போட்டுவிட்டவர்களுக்குச் சிறந்த வழி நீளத்தைப் பாதியாக்குவது. நீளம் பாதியானால் தேக்க எண் பதினாறில் ஒன்றாகிவிடும். பட்டறையின் நடுவே 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு பீமை ஓட்டி, 3 மீட்டருக்கு ஒன்றாக மூன்று தூண்கள் நிறுத்தினேன். அந்த நடு பீமுக்கும் தேக்க எண் பார்த்து, இரண்டையும் கூட்டியபோது 0.06-க்குள் வந்தது. இரும்பு 350 கிலோ, 35,000 ரூபாய். அடித்தளக் குழிகள் மூன்று, 18,000. பொறியாளர் கட்டணம் 12,000. ஆக 65,000 ரூபாய். பீம்களையே மாற்ற வேண்டுமென்றால் போர்டு, பூச்சு எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்திருக்கும். அதற்கு மூன்று லட்சம் கேட்டார்கள்.

இதில் இரண்டு தவறுகள் நடக்கும். தூணைத் தரைத்தளத்தின் மேல் அப்படியே நிறுத்திவிடுவார்கள். மழையில் ஒரு தூணுக்கு 4 டன் வரை வரும், தரையின் மெல்லிய கான்கிரீட் அதைத் தாங்காது. குழி தோண்டி அடித்தளம் போட்டே ஆக வேண்டும். எங்கள் பக்கம் மண் களிமண், ஒரு மீட்டர் சதுரக் குழி போட்டோம். இரண்டாவது, பழைய பீமுக்கும் புதிய பீமுக்கும் நடுவே இடைவெளி விட்டுவிடுவார்கள். முதலில் ஜாக்கி வைத்துப் பழைய பீமைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, இடையில் தகட்டுத் துண்டுகளை இறுக்கமாகச் செருகி வெல்டு செய்த பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும். பீமின் அடியில் தகடு ஒட்டி வலுப்படுத்தும் முறைக்கும் இதே விதிதான். தொய்ந்த நிலையிலேயே ஒட்டினால் அந்தத் தொய்வு அப்படியே நின்றுவிடும்.

9. காகிதங்களும் காலமும்

பேப்ரிகேட்டரின் விலைப்பட்டியலில் "இரும்பு பீம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பீமின் பெயர், மீட்டருக்கு எத்தனை கிலோ, இடைவெளி, நீளம் நான்கும் இருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டையும் இரும்பு ஆலையின் சோதனைச் சான்றிதழ் நகலையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன் கீழ்ப் பதிவுசெய்த கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடம் வாங்குங்கள். தேங்கும் நீருக்கான கணக்கு அதில் தனிப் பக்கமாக இருக்கிறதா என்று கேளுங்கள். தூண், தளம் என்று கட்டடத்தை மாற்றுவதாக இருந்தால் வேலைக்கு முன் உங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அது தண்டையார்பேட்டை மண்டலம்.

வேலையை மாசியில் தொடங்குங்கள். வரைபடத்துக்கு இரண்டு வாரம், குழி தோண்டி கான்கிரீட் இறுக மூன்று வாரம், இரும்பு வேலைக்கு ஒரு வாரம் ஆனது எனக்கு. புரட்டாசியில் அழைத்தால் எந்த வெல்டரும் வரமாட்டார். எல்லோருடைய கூரையும் அப்போதுதான் ஒழுகும்.

10. மழையின் நடுவில் தொய்வைக் கண்டால்

முதலில் கீழே இருப்பவர்களை வெளியேற்றுங்கள். பொருளை நகர்த்த உள்ளே போகாதீர்கள், முட்டுக் கொடுக்கவும் போகாதீர்கள். கூரையின் நடுவுக்கும் ஏறாதீர்கள். வெளியிலிருந்து ஏணி வைத்து, சுவரோரமாக நின்று, நீண்ட கழியால் வடிகுழாயின் வாயைக் குத்தித் திறங்கள். திறக்கவில்லையென்றால் கைப்பிடிச் சுவரின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்துவிடுங்கள். சுவரைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

தண்ணீர் வடிந்ததும் நூல் கட்டி அளங்கள். மழைக்கு முன் சுவரில் எழுதிய எண்ணே திரும்ப வந்தால் பீம் தப்பித்தது. என் சுவரில் மிக்ஜாமுக்குப் பிறகு எழுதிய எண் மூன்றாவது பீமுக்கும் நான்காவது பீமுக்கும் 47. மற்ற ஐந்துக்கும் 27, 28. அந்தப் பென்சில் எழுத்தின் மேல் இன்னும் நான் வெள்ளையடிக்கவில்லை.